ஆச்சிக்கு, ஆனி உத்திரத்தன்று

அன்புள்ள ஆச்சிக்கு,

இன்னைக்கு ஆனி உத்திரம், உங்க நட்சத்திரப் பிறந்தநாள். 76 முடிஞ்சு 77 பிறக்குது. குளிச்சிட்டு எட்டு மணிக்கு வாரேன். கும்பிட்டுக்கிறேன், உங்க கையால திருநீறு பூசிவிடுங்க.

வெறுங்கையோடதான் வருவேன். இத்தனை வருசமா உங்க பிறந்தநாளைக்கு ஒரு கிண்ணத்துல கேசரியைக் கிண்டி, வாசல்லயே கொடுத்திட்டு ஓடியிருக்கேன். அந்தக் கிண்ணம் ஒரு தடவைகூட வெறுமனே திரும்பினதில்ல. முருங்கைக்கீரையோ நாலு எலுமிச்சம்பழமோ அதுக்குள்ள இருக்கும். நான் கொடுத்தது பெருசா, நீங்க கொடுத்தது பெருசான்னு எனக்கே தெரியாது. ஆனா உங்க பக்கத்துல பத்து நிமிசம் உக்காந்ததில்லைங்கறது மட்டும் நல்லாத் தெரியும்.

போன தீபாவளிக்கு, "நானே உங்களுக்கும் சேர்த்துப் பலசரக்கு வாங்கிட்டு வந்திருதேன் ஆச்சி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னு சொன்னேன். "எனக்கென்னட்டி, கைகால் நல்லாத்தானே இருக்கு"ன்னு சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துது. கடைக்குப் போறப்ப "வாங்க ஆச்சி, சேர்ந்து போவோம்"னு கூப்பிட்டிருக்கணும். அதைத்தான் இப்போ கேக்கேன்.

பிள்ளை ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து எங்க வீடு சாயங்காலமானா சத்தமே இல்லாமக் கிடக்கு. அவுகளும் வேலை முடிஞ்சு வர ஒன்பதாயிருது. டிவியைப் போட்டுட்டு அடுப்படியில நிக்கேன். உங்க திண்ணையில எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்க. அஞ்சரைக்குப் பூக்காரி வாரப்போ நானும் வந்து உக்காந்துக்கிறேன். ரெண்டு பேருமாப் பூக் கட்டலாம். பேசணும்னுகூட இல்ல.

அப்புறம் சொதி. மறுவீட்டுக்குப் பந்தியில சாப்பிட்டதோட சரி, எனக்கு இன்னும் கைவரல. எப்ப வச்சாலும் பால் திரிஞ்சு போகுது. தலைப்பாலை இறக்குற நேரத்துல ஊத்தணும், கொதிக்க விடப்படாது, எலுமிச்சை அதுக்கும் பிறகுதான்னு நீங்க சொன்னதைக் கேட்டு வச்சேன், அப்பவும் திரிஞ்சிட்டு. வார ஞாயித்துக்கிழமை எங்க அடுப்படிக்கு வாங்க. தேங்காய் நான் திருவுறேன், காய் நான் நறுக்குறேன். எப்போ இறக்கணும்னு நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும். இஞ்சிப் பச்சடியும் வச்சு, ரெண்டு இலை போட்டுச் சேர்ந்தே சாப்பிடுவோம்.

நெல்லையப்பர் கோயில்ல கொடி ஏறியாச்சு. ஒன்பதாம் திருநாள் தேருக்கு நான் தனியாப் போகப்போறதில்ல. தாத்தா இருந்தப்போ வாகையடி முக்குல நின்னுதான் பார்ப்போம்னு சொல்லியிருக்கீங்க. அங்கேயே போய் நிப்போம். கூட்டத்துல நீங்க என் கையைப் பிடிச்சுக்கிடுங்க, நானும் உங்க கையைப் பிடிச்சுக்கிடுதேன்.

எதாவது பிடிக்கலன்னா முகத்துக்கு நேராச் சொல்லிருங்க ஆச்சி. தனியா இருக்கணும்னு தோணுற நாள்ல கதவைச் சாத்தி வையுங்க, நான் மறுநாள் வாரேன்.

மூணாவது வீட்டு உமா

கேசரிக் கிண்ணம் ஒண்ணு உங்ககிட்டயே இருக்கு. அதை இன்னைக்குத் தராதீங்க, எடுக்க வரணும்னு சொல்லிட்டு நாளைக்கும் வருவேன்.