வயிற்றைத் தடவிப் பாருங்கள்

வணக்கம். சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டவர்கள் முதலில் இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுங்கள்.

சட்டைக்கு மேலேயே தொப்புளைச் சுற்றித் தடவிப் பாருங்கள். எங்காவது ரப்பர் மாதிரி கட்டி தட்டுப்படுகிறதா? போன முகாமில் ஓர் அம்மாவுக்கு எலுமிச்சை அளவில் இருந்தது. கேட்டால், "அங்க போட்டா வலிக்கறதில்ல கண்ணு" என்றார். வலிக்காதது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டிக்குள் போகும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கட்டி இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம்: அதே அளவை நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அதனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

தொப்புளை ஒட்டிப் போடாமல் இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தின இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி. தொடையின் வெளிப்பக்கமும் நல்ல இடம். பால் மாதிரி கலங்கலான மருந்தைக் குலுக்க வேண்டாம், உள்ளங்கையில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். பேனா என்றால் முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி, சொட்டு வருகிறதா என்று பாருங்கள். குத்தி அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டு எடுங்கள். அவசரப்பட்டு உருவினால் மருந்து தோல் மேல்தான் நிற்கும்.

குப்பியில் 40 என்று இருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்றால் ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மருந்துக்கடையில் வாங்கும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். ஓர் ஊசி ஒரு தடவைக்குத்தான். "காசு யார் தருவது?" என்று அந்த ஐயா முணுமுணுப்பது கேட்கிறது, நியாயம்தான். ஆனால் நுனி மழுங்கும், வலிக்கும், ரத்தம் கசியும். நாம் சொன்ன கட்டிக்கும் அது ஒரு காரணம். ஸ்பிரிட்டில் துடைத்தால் புதுசாகாது, வழுக்கலாக உள்ளே போக உதவும் பூச்சுதான் போய்விடும். கட்டுப்படியாகவில்லை என்றால் மறைக்காமல் என்னிடம் சொல்லுங்கள், வழி பார்க்கலாம். ஆனால் ஒருவர் ஊசியை, பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது, புருஷன் பெண்டாட்டியாக இருந்தாலும் சரி.

போட்டு முடித்த ஊசியைக் குப்பையில் எறிந்தால், காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அக்கா கையில்தான் குத்தும். மஞ்சள் காமாலைக் கிருமி, எச்ஐவி எல்லாம் ஊசி வழியாகப் பரவக்கூடியவை. காலியான பினாயில் கேன் ஒன்றை எடுத்து 'ஊசி' என்று எழுதுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், குத்தி வெளியே வந்துவிடும். முக்கால் பங்கு நிறைந்ததும் இறுக மூடி, வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரியில் கொடுங்கள். இல்லையென்றால் தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

இப்போது ஒவ்வொருவராக மேசைக்கு வாருங்கள். குப்பியும் சிரிஞ்சும் கொண்டுவந்தவர்கள் முதலில், எனக்குப் போட்டுக் காட்டுங்கள்.