சொற்கள் சேரும் இடத்தில் நிகழும் புணர்ச்சி

'மணி', 'அடித்தது' ஆகிய இரு சொற்களையும் இடைநிறுத்தாமல் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். 'மணியடித்தது' என நடுவில் ஒரு யகரம் தானாகவே ஒலிக்கும். இவ்வாறு முதற்சொல்லின் ஈற்றெழுத்தும் அடுத்த சொல்லின் முதலெழுத்தும் சேர்வதைப் புணர்ச்சி அல்லது சந்தி என்பர். முன் நிற்பது நிலைமொழி. வந்து சேர்வது வருமொழி.

'பொன்வளையல்' போல மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. ஓர் எழுத்துத் தோன்றினாலோ, திரிந்தாலோ, கெட்டாலோ அது விகாரப் புணர்ச்சி. 'பொன்' என்பதே 'குடம்' என்பதோடு சேரும்போது 'பொற்குடம்' என னகரம் றகரமாகத் திரிகிறது. 'மரம்', 'கிளை' என்பன சேரும்போதோ மகரம் கெட்டு, அவ்விடத்தில் ககரமெய் தோன்றி 'மரக்கிளை' ஆகிறது. ஒரே இடத்தில் இரு விகாரங்கள் நிகழ்வதும் உண்டு என்பதற்கு இது சான்று.

உயிரும் உயிரும் நேரே சேர்வதில்லை. அவற்றை இணைக்க வரும் மெய்யே உடம்படுமெய். 'இ ஈ ஐ வழி யவ்வும் ஏனை உயிர்வழி வவ்வும் ஏமுன் இவ்விருமையும்' என்கிறது நன்னூல். அதனால்தான் 'தீயெரிந்தது' என்பதில் யகரமும் 'பூவழகு' என்பதில் வகரமும் வருகின்றன. ஆனால் நிலைமொழி, தன் ஒலியளவில் குறுகி ஒலிக்கும் உகரமாகிய குற்றியலுகரத்தில் முடிந்தால் உடம்படுமெய்க்கு வேலையே இல்லை. 'காசு', 'எங்கே' என்பவை சேரும்போது உகரம் ஓடிவிட, எஞ்சிய சகரமெய்யின்மேல் எகரம் ஏறிக் 'காசெங்கே' ஆகிறது. 'பசு' என்பதன் ஈறு குறுகாமல் முழுமையாக ஒலிக்கும் முற்றியலுகரம் ஆகையால் 'பசுவெங்கே' என்றே வரும். எனினும் 'கதவடைத்தான்' என்பதுபோல முற்றியலுகரமும் சில இடங்களில் கெடுவதைக் காணலாம்.

இதுவரை சொன்னவற்றைப் பெரும்பாலும் காதாலேயே கண்டுபிடிக்கலாம். மாணவர்கள் உண்மையில் தடுமாறுவது க், ச், த், ப் ஆகிய வல்லின மெய்கள் மிகும் இடங்களில்தான். ஏனெனில் அங்கே ஒலி மட்டும் போதாது, இரு சொற்களுக்கும் உள்ள பொருளுறவையும் பார்க்க வேண்டும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி அளித்தான் என்று பொருள். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்னும் கருவியை அளித்தான் என்று பொருள். இங்கே 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்பதால் வல்லினம் மிகுந்தது. அதுபோலவே, கையில் வைத்துக்கொள்ளும் குட்டை 'கைக்குட்டை' எனக் ககரமெய் பெற, கையும் காலும் என விரியும் 'கைகால்' என்னும் உம்மைத்தொகை அதைப் பெறுவதில்லை. விரிந்த கதிர், விரிகின்ற கதிர், விரியும் கதிர் என முக்காலத்துக்கும் பொருந்தும் 'விரிகதிர்' போன்ற வினைத்தொகையிலும் வல்லினம் மிகாது. அங்கே மெய்யைச் சேர்த்து எழுதுவது பிழை.