வீட்டு கேக் தயாரிப்புக்கான உணவுப் பாதுகாப்புத் திட்டம் (ஆபத்து எழும் கட்டங்களைக் கண்டறிந்து கட்டுப்படுத்தும் ஹேசப் முறை)

பொருள்: கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில், வீட்டுச் சமையலறையில் வாரத்துக்குச் சுமார் 12 கேக்குகள் செய்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் தொழில். நடைமுறைக்கு வரும் நாள்: 2025 ஜூன் 1.

கேக் செய்வதும் பதிவேடு எழுதுவதும் என் பொறுப்பு. பெட்டியில் அடைப்பதில் மாமியார் உதவுகிறார். வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவர் கணவர். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் சமையலறைச் சுவரில் மாட்டப்பட்டுள்ளது. பிறந்தநாள் கேக்குகளையே பெரும்பாலும் விற்பதால், உண்பவர்களில் சிறு குழந்தைகளும் முதியவர்களும் கர்ப்பிணிகளும் இருப்பார்கள் என்று கொண்டே வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன.

அடிப்படை ஒழுங்குகள்

வீட்டுச் சமையல் முடிந்து மேடையைக் கழுவித் துடைத்த பிறகே கேக் வேலை தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவர் அது நின்று 48 மணி நேரம் கடக்கும் வரை சமையலறைக்குள் வரமாட்டார். கையில் புண் இருந்தால் நீர்புகா ஒட்டுத்துணி கட்டி, அதன்மேல் கையுறை அணிய வேண்டும், ஏனெனில் புண்ணிலிருந்து பரவும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி கிரீமில் பெருகி வெளியிடும் நச்சு, பிறகு வழக்கமான சமையல் சூட்டில் அழியாது. மைதாவை ஒவ்வொரு முறையும் சலிப்பது வண்டுக்காக மட்டுமல்ல, சாக்கு நூலும் கல்லும் அதில்தான் சிக்குகின்றன. விரிசலும் அழுக்கும் உள்ள முட்டைகளை வாங்குவதில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பின்பே கலவையில் சேர்க்கிறேன். வேகாத முட்டை சேரும் மூஸ், மெரிங் கிரீம் ஆகியவற்றுக்கு ஆர்டர் எடுப்பதில்லை. இதில் விதிவிலக்கு கிடையாது.

முதல் கட்டுப்பாட்டுப் புள்ளி: வேகவைத்தல்

முட்டையில் சால்மோனெல்லாவும், பச்சை மாவில் சால்மோனெல்லாவுடன் ஈ. கோலை கிருமியும் இருக்கலாம். முட்டையில்லாத கேக்குக்கும் இதே விதி பொருந்துவது மாவை முன்னிட்டே. கேக்கின் நடுப்பகுதி 94 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். இந்தக் கிருமிகள் 75 டிகிரியிலேயே மடிந்துவிடும். கூடுதல் வெப்பம் கேக் முழுதாக வேகவும், வெப்ப அளவியின் சிறு பிழையை ஈடுகட்டவும் உதவுகிறது. குச்சியைக் குத்தி ஒட்டாமல் வருகிறதா என்று பார்க்கும் வழக்கம் தொடரலாம், ஆனால் பதிவேட்டில் ஏறுவது அளவி காட்டும் எண்ணே. குறைந்தால் 5 நிமிடம் மீண்டும் ஓவனில் வைத்து மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டாம் கட்டுப்பாட்டுப் புள்ளி: கிரீம் கேக்கைக் குளிரில் வைத்தல்

எங்கள் ஊர்க் கோடையில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கிரீம் பூசிய கேக் எப்போதும் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் கதவில் தெரியும் எண்ணை நம்பாமல், உள்ளே ஒரு தம்ளர் தண்ணீரில் நிற்கும் அளவியைக் காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்து எழுத வேண்டும். மின்தடை வந்தால் கதவைத் திறக்கக் கூடாது. தடை 4 மணி நேரத்தைத் தாண்டியோ, அளவி 5 டிகிரிக்கு மேல் காட்டியோ இருந்தால், உள்ளே உள்ள கிரீமும் கிரீம் கேக்கும் விற்கப்படாமல் கொட்டப்படும். கடந்த ஏப்ரலில் இப்படி இரண்டு கேக்குகளைக் கொட்ட நேர்ந்தது. அந்த இழப்பு இப்போது விலையில் கணக்கிடப்பட்டுள்ளது.

மூன்றாம் கட்டுப்பாட்டுப் புள்ளி: கொண்டு சேர்த்தல்

கேக்கை ஐஸ் பைகளுடன் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, 30 நிமிடத்துக்குள் சேர்க்கக்கூடிய தூரத்துக்கே அனுப்புகிறோம். பெறுபவரிடம் நேரிலேயே ஒப்படைக்க வேண்டும். காவலாளி மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது. வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் 1 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று அட்டையில் எழுதியிருக்கும். வாயாலும் சொல்ல வேண்டும்.

ஒவ்வாமையும் அலங்காரமும்

கோதுமை, பால், முட்டை, சோயா, கொட்டைகள் ஆகியவற்றில் எவை உள்ளன என்று லேபிளில் தமிழில் எழுதப்படும். முட்டை சேர்ந்ததற்குப் பழுப்பு முக்கோணக் குறியும், சேராததற்குப் பச்சை வட்டக் குறியும் இடப்படும். ஒரே ஓவனும் சல்லடையும் பயன்படுவதால், ‘முந்திரி துளியும் இல்லாத கேக்’ கேட்பவரிடம் இயலாது என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு அரளிப் பூவை வைத்துத் தரச் சொன்னவர்கள் உண்டு. அரளி நச்சுச் செடி என்பதால் அதை வைப்பதில்லை. உண்ணத்தக்கது என்று பொட்டலத்தில் எழுதாத மினுமினுப்புத் தூளுக்கும் இடமில்லை.

சரிபார்ப்பும் பதிவும்

ஞாயிறுதோறும் அளவிகளை நொறுக்கிய ஐஸும் நீரும் கலந்த தம்ளரில் வைத்துப் பார்ப்பேன். 0 டிகிரியிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் அந்த அளவி மாற்றப்படும். பதிவேட்டில் நாள், கேக், முட்டை வாங்கிய நாள், வெப்பநிலைகள், பெற்றவரின் வீட்டு எண், எடுத்த நடவடிக்கை ஆகியவை இடம்பெறும்; அது ஓராண்டு பாதுகாக்கப்படும். யாருக்கேனும் உடல்நலக் குறைவு என்று தகவல் வந்தால், அன்றைய விற்பனையை நிறுத்தி, அதே கலவையில் செய்த கேக் போன வீடுகளுக்கெல்லாம் அன்றே தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். புதிய வகை கேக், புதிய ஓவன், புதிய உதவியாளர் என எது வந்தாலும், முதல் விற்பனைக்கு முன் இத்திட்டம் திருத்தப்படும்; எதுவும் மாறாவிட்டாலும் 2025 டிசம்பர் 1 அன்று மறுபடி பார்க்கப்படும்.