மூன்று மணி நேரம் சும்மா கிடந்த நெல்

படத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடப்பது அவித்த நெல். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் களம் அது. பங்குனி மாதம், பகல் ஒன்றே முக்கால் மணி. கண்ணைத் திறக்க முடியாத வெயில். இப்படிக் காயும் வெயிலில் நெல்லைப் பரப்பாமல் குவித்து மூடிவைத்திருக்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு எனக்கும் அதுதான் தோன்றியது. அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை எழுதினேன். அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டேன்.

உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "ஆலைப் பெயரைப் போட வேண்டாம், உங்கள் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார்.

அவர் என்னைக் கூப்பிட்டது கார் அறுவடை முடியும் நேரத்தில். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். எந்தப் பூவாக இருந்தாலும் நெல் வந்தால் மொத்தமாக வரும். களத்தில் இடம் இருக்காது. முந்தைய அவிப்பு காய்ந்து முடியும்வரை அடுத்த நெல் ஊறல் தொட்டியிலேயே கிடக்கும். அளவுக்கு மீறி ஊறினால் வாடை ஏறிவிடும், சோற்றிலும் அந்த வாடை போகாது. புதிதாகக் களம் போடலாமா, உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா என்பதுதான் அண்ணாச்சியின் கேள்வி. இரண்டுமே லட்சக்கணக்கில் செலவு.

நான் நான்கு நாள் களத்தின் ஓரத்தில், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அவிப்பும் எத்தனை மணிக்குக் கொட்டப்படுகிறது, எத்தனை மணிக்கு அள்ளப்படுகிறது என்று குறித்தேன். காலை ஏழு மணிக்குப் பரப்புகிறார்கள். பெண்கள் காலால் கோடு இழுத்தபடி நடந்து நடந்து துழாவுகிறார்கள். பதினொரு மணிக்குப் பலகை போட்டு எல்லாவற்றையும் இழுத்துக் குவித்து மூடுகிறார்கள். இரண்டு மணிக்கு மறுபடி பிரித்துப் பரப்புகிறார்கள். மாலை நான்கரைக்கு மூட்டை. நடுவில் மூன்று மணி நேரம் நெல்லும் சும்மா கிடக்கிறது, ஆட்களும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிறார்கள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு மூன்று மணி நேரம் கண்ணில் பட்டால் மனம் எப்படித் துள்ளும் என்று. இயந்திரம் வேண்டாம், புதுக்களம் வேண்டாம், இடைவேளையை எடுத்துவிட்டால் ஒன்றரை மணிக்கே களம் காலி, பிற்பகலில் இன்னோர் அவிப்பு. ஒரு ரூபாய் செலவில்லாத யோசனை! 'வாங்காதீர்கள்' என்று சொல்லும் ஆலோசகரை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் என்னைப் பிடித்திருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. பத்து நாள் சோதித்துப் பார்த்தோம். குருணை கூடவில்லை. வாடைப் புகார் நின்றது. அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிட்டேன்.

அந்தப் பத்து நாளும் ஐப்பசி என்பதை அப்போது நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பொதிகை முகடு தெரியாத அளவுக்கு மேகம், மந்தமான வெயில், நெல் மெல்ல மெல்லக் காய்ந்த நாட்கள்.

பங்குனியில் தொலைபேசி வந்தது. பிசான நெல் அரைவையில் இருந்தது. நூறு கிலோ அரிசிக்கு ஐந்தாறு கிலோ விழுந்த குருணை பத்தைத் தாண்டிவிட்டது. குருணைக்குக் கிடைக்கும் விலை முழு அரிசியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. "ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்களேன்" என்று மட்டும் சொன்னார்.

போனேன். அரிசி உடைவது அரைவையில். ஆகவே கோளாறும் அரைவையில்தான் என்று முடிவு கட்டினேன். உமி நீக்கும் ரப்பர் உருளைகள் தேய்ந்திருந்தன. மாற்றச் சொன்னேன். உருளைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை அரைவைக்காரர் சரியாக வைப்பதில்லை என்றும் எழுதிக்கொடுத்தேன். நான்கைந்து நாள் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. பிறகு பழைய எண்ணுக்கே திரும்பிவிட்டது. இருபது ஆண்டு அந்த இயந்திரத்தோடு இருந்த மனிதர் ஒரு மாதத்துக்கு மேலாகத் தினமும் பேச்சு வாங்கினார். காரணம் நான் எழுதிய ஒரு வரி.

உண்மையை ஆராய்ந்து கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். நடந்தது வேறு. வேறொரு கணக்குக்காக என் பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். முதல் நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'களத்து அக்கா: நெல் ஆற வேண்டும். 11 முதல் 2 வரை ஓய்வு.'

அவர் சொன்னது நெல்லுக்கு. நான் அதை ஆட்களின் ஓய்வு என்று எழுதி, நேர விரயம் என்ற கணக்கில் சேர்த்திருந்தேன்.

நெல்லுக்குள் நடப்பதைப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். ஊறி அவிந்து வரும் நெல்லில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஈரம் இருக்கும். தொடக்கத்தில் வேகமாகக் காய்ந்தாலும் கெடுதல் இல்லை. பதினாறு, பதினெட்டு சதவீதத்துக்கு வந்தபின்தான் ஆபத்து. மேற்புறம் காய்ந்து சுருங்கத் தொடங்கும். நடுவில் இன்னும் ஈரம் இருக்கும். அந்த இழுபறியில் மணியின் குறுக்கே மயிரிழைக் கீறல் விழும். அந்த நேரத்தில் குவித்து மூடிவைத்தால் நடுவில் இருக்கும் ஈரம் மெல்ல வெளியே பரவி, மணி முழுவதும் ஒரே பதத்துக்கு வரும். அதன்பிறகு பதினான்கு சதவீதத்துக்குக் காயவைத்தால் கீறல் குறைவு. மந்தமான ஐப்பசி வெயிலில் இந்த இழுபறியே அதிகம் நேராது. அதனால்தான் என் சோதனை தேறியது. பங்குனி வெயில் அப்படி விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கீறிய மணி களத்தில் உடையாது. உமிக்குள் முழு நெல்லாகவே இருக்கும், மூட்டையில் முழு நெல்லாகவே போகும், கிடங்கில் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு அரைவைக்காரர் கையில்தான் இரண்டாகும். குற்றம் நடந்த இடம் ஒன்று, பிடிபடும் இடம் வேறு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பதிவேடு போட்டுக் கொடுத்ததும் நான்தான். களத்துப் பதிவேடு அருமையாக இருந்தது. அரைவைப் பதிவேடு நாறியது.

ஒரே அவிப்பை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு இடைவேளை, மறுபாதிக்கு இல்லை. நெல் ஒன்று, உருளைகள் ஒன்று, அரைவைக்காரரும் அதே ஆள். மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்தோம். கையால் உமி நீக்கிய நூறு மணியைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அடியில் விளக்கு வைத்துக் கீறலையும் எண்ணினோம். அண்ணாச்சியின் பேத்திதான் எண்ணினாள். என்னைவிட அவள் கண் கூர்மை. இடைவேளை கொடுத்த பாதியில் நூற்றுக்கு ஐந்து கிலோ குருணை. கொடுக்காத பாதியில் பத்துக்குக் கொஞ்சம் மேல்.

அரைவைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அறிக்கையில் திருத்தம் எழுதினால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அவர் அறிக்கையைப் படித்திருக்கவில்லை, திட்டைத்தான் வாங்கியிருந்தார். அதனால் எல்லாரும் இருக்கும்போது நேரில் சொன்னேன். "சரி, விடுங்கள் சார்" என்றார். விட்டுவிட்டதாக அவர் முகம் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அப்படியானால் களத்தில் இடம் இல்லாத பழைய சிக்கல்? அது அப்படியே எங்கள் முன் நின்றது. களத்து அக்காவிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன், இந்த முறை கடிகாரம் இல்லாமல். அவர் கேட்டார்: "குவித்த நெல் எவ்வளவு இடம் பிடிக்கும் தம்பி? மூலையில் குவித்தால் மீதிக் களம் சும்மாதானே கிடக்கிறது, அதில் அடுத்ததைப் பரப்பினால் என்ன?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பரப்பிய நெல் களம் முழுவதும் பிடிக்கும். குவித்தால் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நான்கு நாள் உட்கார்ந்து நான் அளந்தது மணிக்கணக்கை மட்டும். களம் என்பது நிலப்பரப்பு என்பதே என் தலையில் ஏறவில்லை. ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "காலையில் இரண்டாவது அவிப்பு வந்தால்தானே பரப்ப முடியும்? பாய்லர் நேரம் எங்கள் கையில் இல்லை" என்றார். ஆக, அவரிடமும் பாதி விடைதான் இருந்தது. மறுபாதி கொதிகலன்காரரிடம். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்ததைத்தான் இந்த வேலையில் நான் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியும். இப்போது இரண்டாவது அவிப்பு பதினொன்றரைக்கு இறங்குகிறது. முதல் நெல் மூலையில் ஆறும்போது இரண்டாவது பரவுகிறது. பிற்பகலில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு முழு அவிப்பு என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது நடப்பது ஒன்றே முக்கால். உலர்த்தும் இயந்திரம் இதுவரை வாங்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வாங்கத்தான் வேண்டியிருக்கும் என்று இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த வேலைக்குப் பிறகு என் படிவத்தில் ஒரு மாற்றம் செய்தேன். முன்பு 'காத்திருப்பு' என்று ஒரே கட்டம் இருந்தது. இப்போது இரண்டு. பொருளுக்காக ஆள் காத்திருப்பது ஒன்று, பொருளே ஆறவோ புளிக்கவோ இறுகவோ காத்திருப்பது இன்னொன்று. இரண்டாவது கட்டத்தில் எதையும் கைவைக்கும் முன் அந்தப் பொருளைத் தொட்டு வேலை செய்பவரிடம் 'இந்த நேரத்தில் இதற்குள் என்ன நடக்கிறது' என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். என் வார்த்தைக்கு மாற்றி எழுதியதில்தான் போன முறை வழுக்கினேன். சோதனை நடந்த தமிழ் மாதத்தையும் முதல் பக்கத்திலேயே குறிக்கிறேன். சென்னை வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பார்த்து இது என்ன பஞ்சாங்கமா என்று கேட்டார். கேட்கட்டும்.

இரண்டாம் சுற்று வேலைக்கு நான் கட்டணம் கேட்கவில்லை. அண்ணாச்சி ஒரு மூட்டை அம்பை 16 புழுங்கலைக் காரில் ஏற்றிவிட்டார். வீட்டில் அரிசியைக் களையும்போது என் மனைவி முறத்தை எடுத்துவந்து காட்டினாள். குருணை இருந்தது. எந்த மாதத்து அரைவை என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தில் அம்பாரத்துக்குப் பின்னால், நிழலில் துண்டை விரித்துப் படுத்திருப்பவர்தான் அந்த அரைவைக்காரர். போன வாரம் எடுத்த படம். எழுப்பவில்லை.