அரைச் சொல்

முக்கூடலில் பீடி சுற்றாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். முப்பிடாதி ஆச்சியும் மடியில் சொளகை வைத்துக்கொண்டுதான் பக்கத்து வீட்டுச் செல்வியிடம் பாடம் கேட்டாள். மகன் சுடலைமுத்து துபாயில் எலக்ட்ரீஷியன். அங்கே வாட்ஸ்அப்பில் அழைத்துப் பேசத் தடை. குரலைப் பதிந்து அனுப்பத் தடையில்லை. அவன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது இங்கே ஆச்சி உறங்கியிருப்பாள். அன்றாடம் பேசக் குரல் பதிவை விட்டால் வேறு வழியில்லை.

மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். இலை சுருட்டியே தேய்ந்துபோன ஆச்சியின் பெருவிரலுக்கு ஓரிடத்தில் நிற்கப் பழக்கமில்லை. "ஐயா, சாப்பிட்..." என்பதற்குள் விரல் எழும்பிவிடும். அரைச் சொல் துபாய்க்குப் போய்விடும்.

"அழுத்தி, அப்படியே மேலே தள்ளுங்கள் ஆச்சி. பூட்டு விழுந்துவிடும். பிறகு கையை எடுத்தாலும் ஓடும்."

பூட்டு விழுந்தது. ஆச்சி முதுகை நிமிர்த்தி, கடிதம் வாசிப்பவள்போல், "நான் நலம். நீ நலமா? உடம்பைப் பார்த்துக்கொள்" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

செல்விக்கு மனசு ஆறவில்லை. மத்தியானம் முழுக்கத் தெருவையே திண்ணைக்கு இழுத்துவிடும் ஆச்சியா இது? புதிதாக ஒரு பதிவைத் தொடங்கி, போனைத் தூள் டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாள்.

"இது ஓடட்டும். நீங்கள் பீடியைச் சுற்றுங்கள்."

கத்தரி இலையில் இறங்கியது. ஒரு சிட்டிகைத் தூள், ஒரு சுருட்டு, ஒரு சுற்று நூல். கை ஓட ஓட வாயும் திறந்துகொண்டது. ஆற்றில் தண்ணீர் படித்துறை ஏறி ஓடுவது, கொல்லை முருங்கை இந்த மழையில் முறிந்தது, கடையில் ஒரு கட்டைக் கழித்துவிட்டார்கள் என்ற ஆத்திரம், அவனோடு படித்தவனின் மகளுக்குச் சடங்கு வைத்து, சொதியும் இஞ்சித் துவையலுமாகப் பந்தி போட்டது. பாதிச் செய்தியில் இருமல் வந்தது. இருமிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அவன் கேட்டுவிட்டால் இந்த மைக் நீலமாகிவிடும் ஆச்சி."

விடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஆச்சி செல்வி வீட்டு வாசலில் நின்றாள். மைக் நீலமாகியிருந்தது. பதிலும் வந்திருந்தது.

"அம்மா, கத்தரிச் சத்தம் கேட்டதும் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நடுவில் இருமினாயே, எத்தனை நாளாக இருக்கிறது? போனில் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனாயா? மறைக்காமல் சொல்."

ஆச்சி அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு பெருவிரலை மைக்கில் ஊன்றி, பூட்டு விழும்வரை தானே மேலே தள்ளினாள்.

"நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு தாயீ. நான் என் பிள்ளையிடம் பேசிவிட்டு வருகிறேன்."