தேத்தண்ணியும் புத்தகமும்: ஒரு படத்துக்கு எழுதிய வரிகள்

கார்த்திகை மழை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தை. வாங்கின் மேல் ஆவி பறக்கும் வெறும் தேத்தண்ணி, ஒரு துண்டு பனங்கட்டி, பாதியில் கவிழ்த்து வைத்த புத்தகம். எடுத்தது ஒரே படம்தான். முகநூலில் போட எழுதிப் பார்த்த வரிகள் நிறைய. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடி பனங்கட்டி. ஒரு மிடறு. ஒரு பக்கம்.

மழை விட்டாலும் எழும்பமாட்டன்.

கூப்பிடாதேங்கோ, கதைக்குள்ள நிக்கிறன்.

இரணைமடு நிரம்புது. நானும்.

வாடைக்காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டது. நான் இன்னும் முந்தின வரியில்.

விடியப்புறம் எடுத்த படம் என்றால் இது பொருந்தும்:

மயில் கத்துது. கேத்தில் கொதிக்குது. கதை தொடங்குது.

இரவுப் படத்துக்கு:

கரண்ட் போனது. கதை போகவில்லை.

முறிகண்டியில் வாங்கிய கச்சான் சரையும் படத்தில் இருந்தால் இன்னும் நல்லது:

கச்சான் முடிஞ்சுது. அத்தியாயம் முடியேல்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். படத்திலேயே ஆவி தெரிகிறது, மழை தெரிகிறது. அதையே திரும்ப எழுதினால் வரி சப்பென்று போய்விடும். படத்தில் தெரியாததை எழுதுங்கள். குடிப்பவரின் மனம், மறந்துபோன அடுப்பு, எங்கோ குரைக்கும் நாய்.

என் படத்தில் தெரியாத விசயம் அந்தப் புத்தகம்தான். அது அம்மாவுடையது. 2009இல் இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பைக்குள் வந்துவிட்டது. செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குள் இருந்து அம்மா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தா. அட்டை போய்விட்டது, கடைசிப் பக்கங்களும் இல்லை. முடிவை அம்மா வாயால்தான் சொன்னா. அதனால் இவற்றையும் எழுதினேன்:

கடைசிப் பக்கம் இல்லை. அம்மா இருக்கிறா.

எங்களோடு நடந்து வந்த புத்தகம்.

அட்டை இல்லாட்டிலும் கதை நனையவில்லை.

முதலாவதை அம்மாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பேணியை வாங்கிக்கொண்டு போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றி வந்தா. அந்த வரியை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள், அது எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

சின்னதாக வேண்டுமென்றால் இன்னும் இரண்டு:

சூடாய் ஒரு கதை.

இன்னும் ஒரே ஒரு பக்கம்.

கடைசியில் நான் போட்டது இதுதான். அன்றைக்குப் பின்னேரம் அவசரமாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை:

தேத்தண்ணி ஆறட்டும். ஆறுதலாய் வாசிப்பம்.