பிரஷர் 286க்கு போயிடுச்சுனா கொலத்த குத்தம் சொல்றதுக்கு முந்தி

தங்கச்சி, டீல கெஃபீன் அளக்குற நம்ம HPLC மெஷின்ல பிரஷர் 286 பாருக்கு ஏறிடுச்சுனு சொன்னியே, போன்ல லைன் விட்டு விட்டு கேட்டதால எல்லாத்தயும் எழுதியே அனுப்புறேன். நான் பதுளைல இருந்து வர வியாழன் ஆகிடும், அதுக்குள்ள நீயே கண்டுபுடிச்சிடலாம். மொதல்ல புது கொலம், அதாவது சாம்பிள பிரிக்கிற குழாய், இருக்கற பெட்டிய உடைக்காத. ஒண்ணு வரணும்னா கொழும்புல சொல்லி வாரக்கணக்கா காத்துக்கெடக்கணும், அதோட அடைப்பு வேற எடத்துல இருந்துச்சுனா புதுசையும் மாட்டின பெறகு அதே 286தான் காட்டும்.

பம்ப்ப நிப்பாட்டிட்டு லொக் கொப்பிய எடுத்துப் பாரு. கெஃபீன் மெத்தட்டுக்கு, அதாவது மெதனோல் 30 தண்ணி 70, ஓட்டம் நிமிசத்துக்கு 1 மில்லி, கொலத்த சூடா வைக்கிற அவன் 30 டிகிரி, கொலம் 250க்கு 4.6 மில்லிமீட்டர், 5 மைக்ரோன், இதுக்கெல்லாம் சேத்து நமக்கு வழமையா வர்றது 128 பார். கொலத்துக்கு முன்னால மாட்டுற கார்ட் இல்லாம 117, கொலமும் இல்லாம வெறும் லைன் மட்டும்னா 14. இந்த மூணு நம்பரும் இல்லாட்டி நாம கண்ணக் கட்டிட்டுத் தேடுற மாதிரிதான், அதான் ஒவ்வொரு மாசமும் எழுதச் சொல்லி உசிர எடுக்குறேன்.

அடுத்தது குளிரு. காலைல லெப் 13 டிகிரில கெடக்கும், அவன போட மறந்துட்டா பிரஷர் ஏறத்தான் செய்யும். தண்ணியோட பிசுபிசுப்பு 25 டிகிரில 0.89னா 15 டிகிரில 1.14, கிட்டத்தட்ட கால்வாசி கூட. மெதனோலும் தண்ணியும் கலந்தா ரெண்டும் தனித்தனியா இருக்கறத விட தடிப்பா இருக்கும், அதனால யாராச்சும் விகிதத்த மாத்தி பாதிக்குப் பாதி வச்சிருந்தாலும் ஏறும். ஆனா இதெல்லாம் 128அ 200க்கு மேலயும் கொண்டுபோகலாம், 286 வரைக்கும் கொண்டுபோறது கஷ்டம். அவன் 30ல நின்னு அரை மணித்தியாலம் ஆன பெறகும் எறங்கலனா எங்கயோ அடைச்சிருக்குனு எடுத்துக்கோ.

இனி கழட்டுற வேல. கண்ணாடி போடு, கையுறை போடு, ஜன்னல தொற, பக்கத்துல பீக்கரும் துணி பீஸும் வச்சுக்கோ. பம்ப்ப நிப்பாட்டி பிரஷர் சைபருக்கு வந்த பெறகுதான் ஸ்பானர் கைல எடுக்கணும், ஒவ்வொரு தடவையும். ஒரு நேரத்துல ஒரு ஜொயின்ட் மட்டும் கழட்டு, திரும்ப 1 மில்லில ஓடவிடு, நம்பர் ஒரே எடத்துல நின்னதும் கொப்பில எழுது. நடுவுல ஓட்டத்தயோ கலவையவோ மாத்திடாத, மாத்தினா முன்ன எழுதின நம்பரோட ஒப்பிட முடியாது.

கடைசி பக்கத்துல இருந்து பின்னால போகணும். கொலத்துல இருந்து டிடெக்டருக்கு போற குழாய கொலத்து பக்கம் கழட்டி, கொலத்துல இருந்து வர்றத பீக்கர்ல விடு. நம்ம டிடெக்டர் பக்கம் 5 பார் போலதான் எடுக்கும், அவ்வளவு எறங்கினா அங்க பிரச்சின இல்ல. நூத்துக்கணக்குல எறங்கினா ஃப்ளோ செல் அல்லது அதுக்குப் போற குழாய் அடைச்சிருக்கு. அப்ப அந்த செல்லுக்குள்ள வேகமா தள்ளிடாத, அது பிரஷர் தாங்காது, கண்ணாடி வெடிச்சா பெரிய செலவு. அதுதான்னா அப்பிடியே விட்டுட்டு எனக்கு சொல்லு.

அதுக்குப் பெறகு கார்ட மட்டும் கழட்டி குழாய நேரா கொலத்துல மாட்டு. 117 பக்கம் வந்துட்டா வேல முடிஞ்சுது, கார்ட்தான், புது காட்ரிஜ் ரெண்டாவது லாச்சில இருக்கு. போன வருசம் இதேதான் நடந்துச்சு: 290ல இருந்துச்சு, டிடெக்டர விட்டதும் 285, கார்ட எடுத்ததும் 120. காட்ரிஜ்ஜ வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா உள்ள போற பக்கத்துல வடிகட்டுற அந்த ஃப்ரிட் வட்டத்துல நடுவுல ஒரு காப்பி நெறத் திட்டு, ஓரம் மட்டும் வெள்ளையா, நகத்தால தொட்டா பிசினு மாதிரி ஒட்டுச்சு. அது தூசி இல்ல, டீதான். நம்ம வீட்டுல பிளேன்டீ ஆறிப் போனா கலங்கி வருதே, கெஃபீனும் பொலிஃபினோலும் ஒண்ணா சேந்து குளிர்ல பிரிஞ்சு நிக்கறது, அதேதான் சாம்பிள் ஊத்துற சின்னக் குப்பி, அந்த வயல்லயும் நடக்குது. நாம சூடா இருக்கறப்ப 0.45 ஃபில்டர்ல வடிச்சிட்டு நல்லா தெளிவா இருக்குனு வயல்ல ஊத்தறோம், ராத்திரி முழுக்க ட்ரேல இருந்து ஆறி கலங்கினத அப்பிடியே ஊசி உறிஞ்சி உள்ள போடுது. அதனால இப்பவே நேத்து வச்ச வயல ஒவ்வொண்ணா தூக்கி ஜன்னல் பக்கம் பாரு. கலங்கியிருந்தா அந்த செட்ட ஓட்டாத. மொபைல் ஃபேஸ்ல ஐதாக்கி, ஆறின பெறகும் தெளிவா இருக்கானு பாத்து, அதுக்குப் பெறகுதான் வடிக்கணும். கலங்கின நெலமைல வடிச்சா கெஃபீனும் ஃபில்டர்லயே தங்கிடும், ரிசல்ட் கொறஞ்சு வரும்.

கார்ட எடுத்தும் எறங்கலயா, கொலத்தயும் எடுத்துட்டு ரெண்டு குழாயயும் யூனியன்ல சேத்து ஓடவிடு. 14க்கு வந்தா கொலம்தான், இப்பதான் அத குத்தம் சொல்லலாம். அதோட பேப்பர்ல திருப்பி ஓட்ட விடலாம்னு போட்டிருக்கானு பாரு, நம்மளோடதுல போட்டிருக்கு. தலைகீழா மாட்டி, வெளிய வர்றத டிடெக்டருக்கு விடாம பீக்கர்ல விட்டு, 0.3 மில்லில அரை மணித்தியாலம் ஓட்டு. ஆனா போன கிழமை அந்த பொஸ்பேட் பஃபர் மெத்தட் ஓடின கொலம் இதுதான்னா, மெதனோல கூட்டுறதுக்கு முந்தி 10 சதவீத மெதனோல் கலந்த தண்ணிய நல்லா ஓட விடணும், உப்பு இருக்கறப்ப ஓர்கானிக்க கூட்டினா உப்பு உள்ளேயே படிஞ்சு இன்னும் மோசமாகும். கொலத்தோட முனைய தெறந்து ஃப்ரிட்ட மாத்தலாம்னு சிலபேர் சொல்லுவாங்க, நீ தெறக்காத, உள்ள இருக்கற பெட் கொஞ்சம் சரிஞ்சாலும் பீக் ரெண்டா பிளக்கும்.

யூனியன் போட்டும் 14க்கு வரலனா அடைப்பு பம்ப்புக்கும் கொலத்துக்கும் நடுவுல. இப்பவும் ஒவ்வொரு ஜொயின்ட்டா பின்னால போ: இன்ஜெக்டர்ல இருந்து வெளிய வர்ற குழாய், ஊசியும் அதோட சீட்டும், லூப், அப்புறம் பம்ப்ல இருந்து இன்ஜெக்டருக்கு போற குழாய். எத கழட்டினதும் நம்பர் விழுதோ, அடைப்பு அந்தத் துண்டுலதான். வால்வ லோட், இன்ஜெக்ட் ரெண்டு நெலைலயும் வச்சுப் பாரு, இன்ஜெக்ட்ல மட்டும் ஏறினா லூப் அல்லது ஊசி. குழாய் மாத்தணும்னா நெறத்தப் பாத்து எடு. நம்ம மெஷின்ல பச்ச 0.17, செவப்பு 0.12 மில்லிமீட்டர். கொஞ்சம்தானேனு தெரியும், ஆனா பிரஷர் விட்டத்தோட நாலாம் அடுக்குல மாறுது, அதே நீளத்துக்கு செவப்பு போட்டா நாலு மடங்கு. ஃபெரல பலம் புடிச்சு இறுக்காத, குழாய் வாய் நசுங்கினா நீயே ஒரு அடைப்ப செஞ்ச மாதிரி.

எல்லாத்தயும் கழட்டியும் விழலனா பம்ப் பக்கம். பர்ஜ் வால்வ தெறந்து வெறும் தண்ணிய 5 மில்லில ஓட்டு, 10 பாருக்கு மேல போனா உள்ள இருக்கற வெள்ள டெஃப்லோன் ஃப்ரிட் போச்சு. அத கழுவிப் பயன் இல்ல, மாத்து. இன்லைன் ஃபில்டரோட ஸ்டீல் ஃப்ரிட்ட மட்டும் மெதனோல் தண்ணில போட்டு சொனிக்கேட்டர்ல 10 நிமிசம் வைக்கலாம்.

திரும்ப பூட்டறப்ப 0.2ல தொடங்கி மெதுவா 1க்கு ஏத்து, ஒவ்வொரு ஜொயின்ட்லயும் டிஷ்யூ வச்சு ஒழுகுதானு பாரு. கடைசி நம்பர எழுதி கொப்பிப் பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பு, ராத்திரி எத்தன மணினாலும் பாக்குறேன்.